சரக்கு 77 லட்சம், பேங்க் கொடுத்தது 34 லட்சம்: டிராயிங் பவர் கணக்கு எங்கே உதைக்குது?

ஏற்காடு_காபி_மிளகு — மார்ச் 4, இரவு 9.10

காபி, மிளகு வாங்கி விற்கிற கடை. சிசி, அதாவது கேஷ் கிரெடிட், லிமிட் 60 லட்சம், ஈடு சரக்கு மட்டும். சாங்ஷன் லெட்டரில் மார்ஜின் 25 சதவீதம்னு இருக்கு. பிப்ரவரி முடிவுக்கு நான் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இது. விலை எல்லாம் கணக்குக்காக ரவுண்டா போட்டிருக்கேன்.

பழத்தோல் போய் உள்தோலோட இருக்கிற அராபிகா பார்ச்மென்ட் 50 கிலோ மூட்டை 200, மூட்டை 25,000 ரூபாய் வீதம் 50 லட்சம். பழத்தோடவே காயவைச்ச செர்ரி 120 மூட்டை, 12,000 வீதம் 14.40 லட்சம். மிளகு 2,000 கிலோ, கிலோ 650 வீதம் 13 லட்சம். மொத்தம் 77.40 லட்சம். கால் பங்கு கழிச்சா 58.05 லட்சம் எடுக்கலாம்.

பேங்க் கம்ப்யூட்டரில் டி.பி., அதாவது சரக்கை வைச்சு எடுக்கக்கூடிய தொகை, 34,31,250னு ஏத்தியிருக்காங்க. கேட்டா "ஸ்டாக் பார்த்துட்டுப் போனவர் ரிப்போர்ட்படி"ன்னு ஒரே பதில். குடோனில் ஒரு மூட்டைகூடக் குறையலை. பேங்க் என்ன கணக்குப் போடுது?

லீபஜார்_மொத்தம் — மார்ச் 4, இரவு 9.42

அண்ணா, சரக்கை அன்னைக்கு மார்க்கெட் விலைக்குத்தான் மதிப்புப் போடணும். அதுதான் நியாயம். அவங்க பழைய விலையைப் போட்டிருப்பாங்க. நேரா மேனேஜரைப் பாருங்க, காபி போர்டு விலைப் பட்டியலைக் காட்டுங்க, மாத்திடுவாங்க.

கிட்டங்கி_ரசீது — மார்ச் 4, இரவு 10.15

எதுக்கு சிசி? பதிவு பெற்ற வேர்ஹவுஸில் மூட்டையை இறக்கி, எலெக்ட்ரானிக் ரசீது வாங்கி, அதன் மேல கடன் எடுங்க. ஸ்டேட்மென்ட்டும் வேண்டாம், ரிப்போர்ட்டும் வேண்டாம்.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 5, காலை 6.50

34,31,250ங்கிற எண்ணிலிருந்து பின்னோக்கிப் போனாலே பாதி தெரிஞ்சிடும். அதை 0.75ஆல் வகுத்தால் 45.75 லட்சம். அதாவது உங்க 77.40 லட்சத்தில் 31.65 லட்சத்தை பேங்க் சரக்காவே ஏத்துக்கலை. அது எங்கெங்கே போச்சுன்னு பார்க்க நாலு கேள்வி:

200 மூட்டை பார்ச்மென்டும் உங்க குடோனிலேயே இருந்ததா? 25,000 நீங்க வாங்கின விலையா, இன்னைக்கு விற்கிற விலையா? மிளகில் போன வருஷச் சரக்கு எவ்வளவு? தோட்டக்காரங்களுக்கு இன்னும் கொடுக்காத பாக்கி எவ்வளவு?

லீபஜார் தம்பி சொன்னது பாதிதான் சரி. சரக்குக்கு வாங்கின அடக்கம், இன்னைக்கு விற்றால் வரக்கூடிய விலை, ரெண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. மார்க்கெட் இறங்கினா மார்க்கெட் விலை வரும், ஏறினா அடக்க விலையிலேயே நிற்கும். விலை ஏறினப்போ கிடைக்கப்போற லாபம் இன்னும் கைக்கு வரலை. அதன் மேலயும் கடன் கொடுத்துட்டு, அடுத்த மாசம் நியூயார்க் காபிச் சந்தையில் விலை சரிஞ்சா, விற்றாலும் கடன் அடையாத நிலை வரும். காபி மாதிரி ஆடுற சரக்கில் இது ஒரு மாசத்திலேயே நடக்கும்.

கிட்டங்கி ரசீது பற்றி அப்புறம் எழுதறேன், அது வேற வகைக் கடன்.

ஏற்காடு_காபி_மிளகு — மார்ச் 5, காலை 8.20

சார், நாலும் இருக்கு.

பார்ச்மென்டில் 60 மூட்டை, தோல் உடைச்சுத் தரம் பிரிக்கிற க்யூரிங் ஒர்க்ஸுக்குப் போயிருக்கு, சரக்கு நம்மளுதுதான். 25,000 இன்னைய விலை, வாங்கின சராசரி 22,000. செர்ரி 12,000க்கு வாங்கினது, இப்ப 11,000தான் கேட்கிறாங்க. மிளகில் 500 கிலோ போன வருஷ அறுப்பு. தோட்டக்காரங்க பாக்கி 8 லட்சம், மாசக் கடைசியில் கொடுக்கிறதா பேச்சு.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 5, காலை 9.05

அப்ப கணக்கு ரூபாய் சுத்தமா வருது.

பார்ச்மென்ட் 140 மூட்டை × 22,000 = 30,80,000
செர்ரி 120 மூட்டை × 11,000 = 13,20,000
மிளகு 1,500 கிலோ × 650 = 9,75,000
மொத்தம் 53,75,000
கழிக்க, சரக்குக்கான கடன் பாக்கி 8,00,000
மீதி 45,75,000
மார்ஜின் 25 சதவீதம் 11,43,750
டி.பி. 34,31,250

வந்தவர் தப்பாப் பண்ணலை. க்யூரிங்கில் இருக்கிற 60 மூட்டையை அவர் கண்ணால் பார்க்கலை, பார்த்ததா எழுத ஒரு காகிதமும் கிடைக்கலை, அதனால் விட்டுட்டார். பழைய 500 கிலோவை 180 நாளைத் தாண்டினதுன்னு கழிச்சிருப்பார், அந்த வரி உங்க சாங்ஷன் லெட்டர் நிபந்தனையில் இருக்கும், பாருங்க. பாக்கி 8 லட்சத்தைக் கழிச்சதுக்குக் காரணம் எளிது. அந்த அளவு சரக்கில் உங்க பணமும் இல்லை, பேங்க் பணமும் இல்லை, தோட்டக்காரர் பணம் நிற்குது. காசு கொடுக்காத சரக்கின் மேல கடன் கொடுத்தா, ஒரே மூட்டைக்கு ரெண்டு பேர் கடன் கொடுத்த மாதிரி ஆயிடும்.

லீபஜார்_மொத்தம் — மார்ச் 5, காலை 10.30

ஒத்துக்கறேன் சார். அப்ப வழி சுலபம். சிசியிலிருந்தே 8 லட்சம் எடுத்து தோட்டக்காரங்களுக்குக் கொடுத்துட்டா கிரெடிட்டர் பூஜ்யம். டி.பி. ஏறிடும்.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 5, காலை 11.00

ஏறும், 6 லட்சம்தான் ஏறும். சிசி பாக்கி 8 லட்சம் ஏறும். எடுக்கக்கூடிய மிச்சத்தில் 2 லட்சம் குறைஞ்சிடும். அந்த 2 லட்சம்தான் மார்ஜின், அது உங்க கைப்பணத்திலிருந்து வரணும்னுதான் பேங்க் வைச்சிருக்கு. தோட்டக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டியது கடமை, கொடுங்க. ஆனா டி.பி.யைக் கூட்ட அது வழி இல்லை.

உண்மையில் மிச்சம் கூடற வழி அந்தப் பழைய மிளகு. 500 கிலோவை 600க்கு விற்றாலும் 3 லட்சம் சிசியில் விழும். அந்தச் சரக்கு கணக்கிலேயே இல்லாததால டி.பி. ஒரு ரூபாய் குறையாது. முழு 3 லட்சமும் மிச்சம். கணக்கில் உள்ள மிளகை விற்றா இந்த மாதிரி வராது. 650 அடக்கத்துச் சரக்குப் போனா டி.பி. கிலோவுக்கு 487.50 குறையும். அதனால எந்தக் கடைக்காரரும் முதலில் பார்க்க வேண்டியது, பேங்க் கழிச்ச சரக்கில் எது சீக்கிரம் பணமாகும்ங்கிறதை.

ஆடிட்_ஆபீஸ்_அக்கா — மார்ச் 5, மதியம் 2.15

சார் கணக்கு சரி. ஒரு இடத்தில் மட்டும் பேங்குக்கு பேங்க் மாறுது, அதைச் சொல்லிடறேன். சிலர் இப்படிப் போடறாங்க: சரக்கு முழுசுக்கும் முதலில் 25 சதவீதம் கழிச்சு, அதிலிருந்து 8 லட்சத்தைக் கழிக்கிறது. அப்படிப் போட்டா 53.75இல் முக்கால் 40,31,250, அதில் 8 லட்சம் போக 32,31,250. சரியா 2 லட்சம் கம்மி. உங்களுக்கு நல்ல முறையில்தான் போட்டிருக்காங்க, அதைக் கிளற வேண்டாம்.

அடக்கத்தில் என்னென்ன சேரும்னும் சொல்லிடறேன், இதில்தான் நிறைய பேர் வெட்டு வாங்கறாங்க. வாங்கின விலை, தோட்டத்திலிருந்து குடோனுக்கு வண்டி வாடகை, ஏத்துக்கூலி இறக்குக்கூலி, காயவைச்ச கூலி சேரும். பேங்க் வட்டி சேராது. வாங்கி அடுக்கின பிறகு ஆகிற குடோன் வாடகையும் சேராது. கிரெடிட் எடுக்கிற ஜிஎஸ்டியும் சேராது. இன்னொரு வியாபாரியிடம் மிளகு வாங்கி, பில் தொகையை ஜிஎஸ்டியோடு அப்படியே ஸ்டேட்மென்ட்டில் ஏத்தினா, 5 சதவீதம் மதிப்பு ஊதிப் போகும். வர்றவர் ஒரு பில்லைப் பிரிச்சுப் பார்த்தாலே அது தெரிஞ்சிடும், அப்புறம் எல்லா விலையையும் சந்தேகமாப் பார்ப்பார்.

கொலுசுப்_பட்டறை — மார்ச் 5, மாலை 6.40

எங்களுக்கும் இதே தொல்லை, செவ்வாய்ப்பேட்டை பக்கம். வெள்ளி வாங்கி, கம்பி இழுக்க ஒருத்தர், சலங்கை போட ஒருத்தர், பாலிஷுக்கு ஒருத்தர்னு பல வீட்டுக்குப் போகும். எந்த நேரமும் பாதி வெள்ளி வெளியேதான். பேங்க் எங்க கல்லாப்பெட்டியில் இருக்கிறதை மட்டும் எண்ணுது. காபிக்காரர் 60 மூட்டைக்கு என்ன பண்ணப் போறார்னு தெரிஞ்சா எங்களுக்கும் உதவும்.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 6, காலை 7.00

ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். அடுத்தவர் இடத்தில் இருக்கிற சரக்கை பேங்க் எண்ணணும்னா மூணு பயம் தீரணும். அது நிஜமா அங்கே இருக்கா, அது இவர் சரக்குன்னு அங்கிருக்கிறவர் ஒத்துக்கறாரா, எரிஞ்சா பணம் வருமா.

காபிக்கு இது முடியற காரியம். க்யூரிங் ஒர்க்ஸ் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேணும். எந்தத் தேதியில், எந்த லாட் நம்பரில், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன ஈரப்பதத்தில் வந்தது, இப்ப பார்ச்மென்டா நிற்குதா, உடைச்சு க்ளீன் காபி ஆயிடுச்சா, இவ்வளவும் இருக்கணும். இந்த பேங்குக்கு இதன் மேல உரிமை இருக்குன்னு தெரியும், பேங்க் கேட்டா பார்க்க விடுவோம்னு ஒரு வரி. க்யூரிங் கூலி எவ்வளவு பாக்கின்னு ஒரு வரி. கூலி வர்ற வரைக்கும் சரக்கைப் பிடிச்சு வைக்கிற உரிமை அவங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில் இருக்கு. அதனால அந்தக் கூலிப் பாக்கியை பேங்க் கழிச்சுத்தான் எண்ணும். கடைசியா, உங்க இன்ஷூரன்ஸ் பாலிசியில் க்யூரிங் ஒர்க்ஸ் விலாசம் ஒரு இடமாச் சேர்ந்திருக்கணும், பேங்க் பேர் அதில் வரணும். ஏற்காடு குடோனுக்கு எடுத்த பாலிசி மலைக்குக் கீழே இருக்கிற சரக்குக்குத் தானா வராது.

இது எல்லாம் வந்தா 60 × 22,000 = 13.20 லட்சம் உள்ளே வரும், டி.பி. 9.90 லட்சம் கூடி 44,21,250 ஆகும். கூலிப் பாக்கி இருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. 60 மூட்டை பார்ச்மென்ட் 3,000 கிலோ. உடைச்சா மேல்தோல் போய் ஏறக்குறைய 80 சதவீதம், அதாவது 2,400 கிலோ க்ளீன் காபி, 48 மூட்டை வரும். உங்க ரிஜிஸ்டரில் பார்ச்மென்ட் 60 மூட்டை வெளியே, க்ளீன் 48 மூட்டை உள்ளேன்னு ஒரே நாளில் ரெண்டு வரி விழணும். ஒண்ணு மட்டும் விழுந்தா சரக்கு ரெட்டிப்பா நிற்கும், இல்லைன்னா காணாமப் போன மாதிரி நிற்கும். பிளான்டேஷன் ஏ, பி, சி, பீபெரின்னு தரம் பிரிஞ்சு வர்ற சீட்டையும் அதோட சேர்த்துக் கோர்த்து வைங்க, ஒவ்வொண்ணுக்கும் விலை வேற.

கொலுசுக்கு இது கஷ்டம். வீடு வீடா இருக்கிற வெள்ளிக்கு யார் கடிதம் கொடுப்பாங்க, எந்த இன்ஷூரன்ஸ் ஏத்துக்கும்? டெலிவரி சலானில் எடையும் வெள்ளித் தூய்மையைக் காட்டற டச்சும் எழுதி அனுப்பறது, திரும்பி வந்த எடை, சேதாரம் எழுதறது, வேலைக்கு வெளியே அனுப்பற சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம் ஐடிசி-04 ஒழுங்காப் போடறது, இது இருந்தா பேசலாம். சில பேங்குகள் அதிக மார்ஜினில் ஒரு பங்கை எண்ணுவாங்க, பல பேர் எண்ணவே மாட்டாங்க.

கொலுசுப்_பட்டறை — மார்ச் 6, காலை 8.10

சலான் போடறோம், டச் எழுதறதில்லை. இனி எழுதறோம் சார்.

கிட்டங்கி_ரசீது — மார்ச் 6, காலை 9.25

நான் கேட்டதுக்குப் பதில் வரலையே. ரசீதுக் கடனில் இந்த இழுபறி எதுவும் இல்லை.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 6, மதியம் 12.40

இழுபறி குறைவுதான், அது உண்மை. 2007 வேர்ஹவுசிங் சட்டத்தில் பதிவான கிட்டங்கியா இருந்தா, எடை, தரம், ஈரப்பதம் எல்லாம் ரசீதிலேயே வந்திடும், பேங்க் அதை நம்பும். ஆனா சாவி உங்க கையில் இருக்காது. ஒரு லாட்டை எடுக்கணும்னா அதுக்குரிய கடனைக் கட்டி, ரசீதின் மேல இருக்கிற பேங்க் பிடியை விடுவிச்சு, அப்புறம்தான் மூட்டை வெளியே வரும். அறுப்பு முடிஞ்சு ஆறு மாசம் விலைக்குக் காத்திருக்கிற தோட்டக்காரருக்கு அது நல்ல வழி. இந்த அண்ணன் தினம் அஞ்சு மூட்டை உள்ளே, மூணு மூட்டை வெளியேன்னு ஓட்டறவர். அவருக்குச் சரக்கு கையிலும் உரிமை பேங்கிலும் இருக்கிற சிசிதான் தோதுப்படும். அந்த வசதிக்கு விலைதான் மாசாமாசம் ஸ்டேட்மென்ட்.

கிட்டங்கி_ரசீது — மார்ச் 6, மதியம் 1.05

தினசரி வியாபாரத்துக்கு ஒத்து வராதுங்கிறது சரி. ஆனா அந்த 120 செர்ரியை அவர் ஆறு மாசம் வைக்கப் போறார்னா அதை மட்டும் கிட்டங்கிக்கு மாத்தலாமே?

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 6, மதியம் 1.30

மாத்தலாம். ஆனா சிசி கொடுத்த பேங்குக்கு ஏற்கெனவே மொத்தச் சரக்கின் மேலயும் உரிமை எழுதிக் கொடுத்திருக்கார். அவங்ககிட்ட எழுத்தில் அனுமதி வாங்காம வேற பேங்கில் ரசீதை வைச்சா, ஒரே சரக்கை ரெண்டு இடத்தில் ஈடு வைச்ச குற்றமாகும். அதே பேங்கிலேயே கேட்கிறது நல்லது.

லீபஜார்_மொத்தம் — மார்ச் 7, இரவு 8.50

தோட்டக்காரங்ககிட்ட ரொக்கமா வாங்கற சரக்கு பற்றி யாரும் பேசலை. 10,000க்கு மேல ரொக்கம் கொடுத்தா சட்டப்படி செல்லாது, அதனாலதான் பேங்க் அதை எண்ண மாட்டேங்குதுன்னு எங்க பக்கம் பேச்சு.

ஆடிட்_ஆபீஸ்_அக்கா — மார்ச் 8, காலை 10.20

ரெண்டு விஷயம் கலந்திருக்கு தம்பி. 10,000 வரம்பு வருமான வரியில் செலவை ஏத்துக்கிறது பற்றியது. விளைவிச்சவருக்கே நேரா அவர் விளைபொருளுக்குக் கொடுக்கிற ரொக்கத்துக்கு வருமான வரி விதிகளில் விலக்கு இருக்கு. அதே மிளகை நடுவில் இருக்கிற தரகு வியாபாரியிடம் ரொக்கத்துக்கு வாங்கினா விலக்கு கிடையாது.

பேங்க் யோசிக்கிறது வேற. தோட்டக்காரர் ஜிஎஸ்டி பில் தரமாட்டார், நீங்களே எழுதற வவுச்சர்தான் ஆதாரம். அதில் ரொக்கம்னு போட்டுட்டா, அந்தச் சரக்குக்குப் பணம் கொடுத்தாச்சா இல்லையான்னு வெளியாளுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால வவுச்சரில் தோட்டக்காரர் பேர், ஊர், மூட்டை எண்ணிக்கை, எடைச் சீட்டு நம்பர், சாக்கு எடை கழிச்ச நிகர எடை, ஈரப்பதம், விலை, அவர் கையெழுத்து இருக்கட்டும். பணம் பேங்க் வழியாப் போகட்டும். நாகலூர்க்காரர், வாழவந்திக்காரர் எல்லாருக்குமே இப்ப அக்கவுண்ட் இருக்கு. வாங்கின தேதி, பணம் போன தேதி ரெண்டும் ரிஜிஸ்டரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தா, கிரெடிட்டர் எவ்வளவுன்னு கேட்ட உடனே கூட்டிச் சொல்லலாம்.

ஏற்காடு_காபி_மிளகு — மார்ச் 8, மதியம் 3.30

அக்கா, என் ரிஜிஸ்டரில் மிளகு மொத்தமா ஒரே பக்கம். வந்தது, போனது, மீதி. போதாதா?

ஆடிட்_ஆபீஸ்_அக்கா — மார்ச் 8, மாலை 5.45

போதாது. லாட் பிரிக்கணும். 500 கிலோ பழசுன்னு நீங்க வாயால சொல்றீங்க, ரிஜிஸ்டர் சொல்லலை. லாட் தெரியலைன்னா வர்றவர் 500ஐ விட அதிகமாவே பழசுன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு.

ஒரு வரி இப்படி இருந்தா போதும்: லாட் மி-14, பிப்ரவரி 11 வரவு, 12 மூட்டை, நிகரம் 604 கிலோ, ஈரம் 14, அட்டி 3, விலை 650, பணம் போனது பிப்ரவரி 13. அதே எண்ணை, மூட்டை அடுக்கின அந்த அட்டியில் ஒரு அட்டையில் எழுதித் தொங்க விடுங்க. மூட்டை எடுக்கிறப்போ அட்டையில் கழிச்சு எழுதுங்க, அன்னைக்கு ராத்திரி ரிஜிஸ்டரில் ஏத்துங்க. அட்டை, ரிஜிஸ்டர், எண்ணிக்கை மூணும் ஒத்தா வர்றவர் நாலு அட்டி பார்த்துட்டுக் கிளம்பிடுவார்.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 9, காலை 7.15

ஈரம் 14ன்னு அக்கா எழுதினதைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்லணும், மிளகில் நடக்கிற பெரிய தகராறு இதுதான்.

மிளகை 14 சதவீத ஈரத்தில் வாங்கி 11க்குக் காயவைக்கிறீங்க. 1,500 கிலோவில் காய்ஞ்ச பொருள் 86 சதவீதம், 1,290 கிலோ. 11 ஈரத்தில் அதே 1,290 கிலோ 89 சதவீதமா நிற்கணும், அதனால எடை ஏறக்குறைய 1,449 கிலோ. 51 கிலோ வெயிலில் போயிடுச்சு. ரிஜிஸ்டர் இன்னும் 1,500ன்னு சொல்லுது. வந்தவர் அட்டிக்குப் பத்து மூட்டை தராசில் போடறார், ஒவ்வொண்ணும் ஒண்ணரை கிலோ மேல குறையுது. அவர் ரிப்போர்ட்டில் "எடைக் குறைவு"ன்னு எழுதினா, படிக்கிற மேனேஜருக்கு மூட்டையில் எடுத்து வித்துட்டாங்கன்னுதான் தோணும்.

காயவைச்சு மறுபடி எடை போட்ட அன்னைக்கே "உலர்த்தல் கழிவு 51 கிலோ, ஈரம் 14இலிருந்து 11"னு ஒரு வரி போட்டா பிரச்சினை முடிஞ்சுது. மொத்த அடக்கம் மாறாது, காயவைச்ச கூலிதான் சேரும். கிலோ அடக்கம் 650இலிருந்து 672 கிட்ட ஏறும். 1,500 கிலோவுக்கு 650ன்னு போட்டாலும், 1,449 கிலோவுக்கு 672 கிட்டப் போட்டாலும் மதிப்பு அதே 9.75 லட்சம்தான். எடையை மட்டும் குறைச்சு விலையைப் பழையபடி விட்டா நீங்களே 33,000 ரூபாயை விட்டுக்கொடுத்த மாதிரி. விற்கிற விலை 672க்குக் கீழே போனா மட்டும் அந்தக் குறைஞ்ச விலைக்கு வரணும்.

குத்தூசி போட்டு எடுத்த மிளகை அவர் உள்ளங்கையில் தேய்ச்சுப் பார்ப்பார். தூசியும் சொத்தை மிளகும் கையில் ஒட்டினா லிட்டர் எடை பார்க்கச் சொல்லுவார். லிட்டருக்கு 500 கிராமுக்குக் கீழே நின்னா நீங்க போட்ட விலை அந்தச் சரக்குக்கு வராது.

காபியில் தலைகீழா நடக்கும். ஜூனுக்கு மேல ஏற்காட்டு மூட்டத்தில் பார்ச்மென்ட் ஈரம் குடிக்கும். எடை கூடும், பருப்பு நிறம் வெளுக்கும். ரிஜிஸ்டரை விட தராசு அதிகம் காட்டுதுன்னு சந்தோஷப்பட வேண்டாம், விலை இறங்குதுன்னு அர்த்தம். ஈரம் 12ஐத் தாண்டின அட்டியைப் பார்த்தா அவர் மதிப்பைக் குறைப்பார், குறைக்கிறது நியாயம். மழைக்கு முன்னாடி சரக்கைக் கீழே சேலத்துக்கோ க்யூரிங்குக்கோ இறக்கிடுங்க. இறக்கற புது விலாசத்தை பேங்குக்கும் இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்க, ஜிஎஸ்டி பதிவிலும் கூடுதல் இடமாச் சேருங்க.

லீபஜார்_மொத்தம் — மார்ச் 9, காலை 9.00

ஸ்டேட்மென்ட் ரெண்டு மாசம் தள்ளிப் போனா என்ன ஆகும்? எங்க பக்கம் நிறைய பேர் சீசனில் கொடுக்கிறதே இல்லை.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 9, காலை 9.40

ரெண்டு மாசத்துக்கு பேங்க் அபராதக் கட்டணம் போடலாம், அதோட போகும். மூணு மாசத்துக்கு மேல பழசான ஸ்டேட்மென்ட்டை வைச்சு டி.பி. போடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி. அப்படிப் பழசை வைச்சு எடுத்த பாக்கி முறைகேடான பாக்கியாகும், அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடிச்சா அக்கவுண்ட் என்பிஏ, அதாவது வாராக்கடன். வட்டி ஒழுங்காக் கட்டியிருந்தாலும், கடை நல்லா நடந்தாலும் சரி. நல்ல வியாபாரிகள் ஒரு தாளைக் கொடுக்காம இதில் மாட்டறதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும். சரக்கே இல்லைன்னாலும் "இருப்பு இல்லை"ன்னு ஒரு ஸ்டேட்மென்ட் கொடுங்க.

ஆடிட்_ஆபீஸ்_அக்கா — மார்ச் 9, மதியம் 12.10

இப்ப மார்ச் மாசங்கிறதால இதையும் சொல்லிடறேன். மார்ச் 31 ஸ்டேட்மென்ட்டில் என்ன எண் கொடுக்கிறீங்களோ அதுதான் பேலன்ஸ் ஷீட்டிலும் வரணும். ஆடிட்டுக்கு உட்பட்டவங்களுக்கு வரி ஆடிட் படிவத்தில் ஆரம்ப இருப்பு, வாங்கினது, விற்றது, கழிவு, கடைசி இருப்பு எல்லாம் கிலோ கணக்கில் வரும். லிமிட் புதுப்பிக்கிறப்போ பேங்க் அந்தப் பக்கத்தையும் உங்க மார்ச் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்துல வைச்சுப் பார்க்கும். பேங்குக்கு 77 லட்சம், வரிக்கு 55 லட்சம்னு இருந்தா, அடுத்த வருஷ லிமிட்டுக்கு அந்த ஒரு வித்தியாசமே போதும் நிறுத்தறதுக்கு.

ஏற்காடு_காபி_மிளகு — மார்ச் 19, இரவு 8.30

நடந்தது இது. க்யூரிங்கில் கடிதம் கொடுத்தாங்க, ஆனா "பேங்க் கேட்டா பார்க்க விடுவோம்"ங்கிற வரியை அவங்க ஆபீஸ் முதலில் சேர்க்க மறுத்தது, மறுபடி போய்ப் பேசி வாங்கினேன். கூலிப் பாக்கி கட்டியாச்சு. இன்ஷூரன்ஸில் விலாசம் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் வந்துடுச்சு. டி.பி. 44,21,250 ஏறிடுச்சு.

பழைய மிளகு 590க்குப் போச்சு, 2.95 லட்சம் சிசியில் விழுந்தது.

செர்ரி விஷயத்தில் இன்னும் சண்டை. நான் ஒரு மாதிரி மூட்டையை உடைச்சுப் பார்த்ததில் 50 கிலோவுக்கு 27 கிலோ க்ளீன் வந்தது. ஸ்டாக் பார்க்க வந்தவர் 11,000 போட்டது 26 வர்ற சரக்குக்கான விலைன்னு சொல்றாங்க. என் அவுட்டர்ன் சீட்டைக் காட்டி 11,400 கேட்டேன். ஒரு மூட்டைச் சீட்டு செல்லாதுன்னுட்டாங்க.

ஓய்வு_கிரெடிட்_ஆபீசர் — மார்ச் 20, காலை 6.45

ஒரு மூட்டைச் சீட்டை நானும் ஏத்துக்க மாட்டேன். எல்லா அட்டியிலிருந்தும் குத்தூசியில் எடுத்துக் கலந்த மாதிரியா இருக்கணும், உங்க கையால எடுத்ததா இருக்கக் கூடாது. அடுத்த முறை அவர் வர்றப்போ அவர் முன்னாடியே எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு சீல் பண்ணி க்யூரிங்குக்கு அனுப்புங்க. 27 நின்னா 11,400 கேட்க நியாயம் இருக்கு. 120 மூட்டைக்கு 48,000, டி.பி.யில் 36,000. அதுக்கு இவ்வளவு அலைச்சல் வேணுமாங்கிறதை நீங்கதான் முடிவு பண்ணணும்.

லீபஜார்_மொத்தம் — மார்ச் 20, காலை 9.15

180 நாள் நிபந்தனை காபிக்கு எப்படிப் பொருந்தும்? நவம்பரில் வாங்கினதை ஆகஸ்டில் விற்கிறவங்க இருக்காங்களே.

ஆடிட்_ஆபீஸ்_அக்கா — மார்ச் 20, மாலை 4.00

பொருந்தாது. மிளகுக்கும் காபிக்கும் தனித்தனி நாள் கணக்கு வேணும்னு லிமிட் புதுப்பிக்கிற மனுவிலேயே கேட்கணும். இந்த அக்கவுண்டில் கேட்டதா சாங்ஷன் லெட்டரில் இல்லை, நவம்பர்ச் சரக்குக்கு மே மாசம் 180 நாள் தாண்டும்.

ஏற்காடு_காபி_மிளகு — மார்ச் 20, இரவு 9.25

மனு எழுதிட்டேன் அக்கா. பார்ச்மென்டுக்கு 270 நாள் கேட்டிருக்கேன், மூணு வருஷ லாட் ரிஜிஸ்டர் நகலும் சேர்த்திருக்கேன். கிளையில் முடிவு பண்ண முடியாதாம், மேலே அனுப்பியிருக்காங்க.